பக்கவாட்டுப் படம்

வெள்ளிக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு மனிதர் எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். வேறு யாராக இருந்தாலும் என்ன ஏது என்று பதறியிருப்பார்கள். அவள் பதறவில்லை. ஒன்பது வருடமாக அவள் வேலையே அதுதான். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பேரை நிற்க வைத்து, படுக்க வைத்து, திருப்பி வைத்து, 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று சொல்லிப் படம் எடுப்பவள். தெருவில் அவளுக்குப் பேரே எக்ஸ்ரேக்காரி. எனவே ஃபிலிமைப் பார்த்ததும் கை தானாகப் போய் அதை வாங்கியது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கியது. வாய் தானாகத் திறந்தது.

"இது ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் எங்க?"

எட்டு வயதுக் குழந்தையின் மணிக்கட்டு. மேலிருந்து எடுத்த படம் மட்டும்தான் இருந்தது, பக்கவாட்டில் எடுத்தது இல்லை. எலும்பு என்றால் குறைந்தது இரண்டு படம் வேண்டும், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒன்றை மட்டும் கொண்டு வருகிறவர்களிடம் மற்றதைக் கேட்பது அவளுக்குக் கொட்டாவி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் நீட்டியவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்க வரவில்லை.

"பாத்தியாடா அநியாயத்தை," என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற பெரிய உருவத்துக்காரி. "கையை ஒடச்சது அவ பொண்ணு. அவ நம்மகிட்ட ஆதாரம் கேக்குறா."

அப்போதுதான் அவள் ஃபிலிமைக் கீழே இறக்கி, எதிரே இருந்த மனிதர்களைப் பார்த்தாள். ஃபிலிமைக் கொண்டு வந்தவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று வைத்திருப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பக்கத்தில் அவர் மனைவி, வாய் திறக்காமல். பெரிய உருவம் மாஸ்டரின் அக்கா, அதாவது குழந்தையின் அத்தைக்காரி. மூன்று பேருக்கும் நடுவில் மூன்றாம் வகுப்புக் குருவி, வலது கையில் கட்டோடு, அந்தக் கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். பேர் வேறு, ஆனால் உடம்பைப் பார்த்து வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இவளுடைய மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் வாலு. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வாலு இப்போது அம்மாவின் சீருடைக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றாள்.

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். மத்தியான இடைவேளையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் வைத்து வாலு குருவியைத் தள்ளியிருக்கிறாள். குருவி கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். பள்ளியிலிருந்து போன் வந்து, அவர் ஓடி வந்து, பக்கத்து கிளினிக்கில் படம் எடுத்து, சுளுக்கு என்று கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். திங்கட்கிழமை காலையில் இதைத் தலைமையாசிரியையிடம் கொடுக்கப் போகிறேன் என்றார். எழுத்துமூலப் புகார். எழுத்தில் வந்த புகாரைப் பள்ளி அந்தக் குழந்தையின் ஃபைலில் வைத்தே ஆக வேண்டும்.

அவளுக்குப் பயம் வந்தது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பத்தாம் வகுப்பில் ஒருத்தன் அவள் அப்பா மூட்டை தூக்குவதை நடித்துக் காட்டினான். அவள் அவனை டெஸ்க்கோடு சேர்த்துச் சாய்த்தாள். மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்ற இடத்தில் மற்ற எல்லாருக்கும் 'நன்று' என்று எழுதியவர்கள், இவளுக்கு 'திருப்தி' என்று எழுதினார்கள். திருப்தி என்றால் அதிருப்தி என்று அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. மூன்று கல்லூரிகளில் நேர்முகத்துக்கு உட்கார்ந்தாள். மூன்றிலும் எதிரே இருந்தவர் மதிப்பெண்ணைத் தாண்டி அந்த ஒரு சொல்லில் விரலை வைத்து, இது ஏன் என்று கேட்டார். மூட்டையை நடித்தவனின் சான்றிதழில் 'நன்று'.

என்னவானாலும் சரி, வாலுவின் ஃபைலில் அந்தத் தாள் ஏறக் கூடாது.

அத்தைக்காரி நிறுத்தவில்லை. படித்த திமிர் என்றாள், பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் பெற்றுக்கொள்ளக் கூடாது என்றாள். சுற்றிலும் இருபது முப்பது பெற்றோர். வேடிக்கை பார்ப்பவர்கள் எப்போதும் வாகனத்தை எடுக்க வந்த மாதிரியே நிற்பார்கள். இரண்டு பேர் கையில் போன் கொஞ்சம் உயரமாக இருந்தது. அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாலு வார்த்தை, நாலும் தெருவில் பிறந்து வளர்ந்த வார்த்தைகள். வந்திருந்தால் அத்தைக்காரி அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டாள். ஆனால் சீருடையின் பின்பக்கத்தை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. எதிரே குருவி அத்தையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.

அவள் குனிந்து குருவியிடம் வலிக்குதா என்று கேட்டாள். குருவி தலையாட்டினாள். ரொம்பவா, கொஞ்சமா? திருப்பினா ரொம்ப, என்றாள் குருவி.

பிறகு நிமிர்ந்து மாஸ்டரிடம் பேசினாள். அத்தைக்காரியிடம் பேசவில்லை. இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசினால் சத்தம்தான் மிஞ்சும்.

"உங்க பொண்ணுக்கு அடிபட்டிருக்கு, நீங்க கோவமா வந்திருக்கீங்க. நான் அந்த இடத்துல இருந்தாலும் வந்திருப்பேன். இன்னொரு படம் கேட்டது என் வேலைப் பழக்கம், உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல. என்ன நடந்துச்சுன்னு எனக்கு இப்பதான் காதுல விழுது. தெரியாம ஒண்ணும் பேச மாட்டேன். என் பொண்ணுகிட்ட கேக்குறேன். நாளைக்குக் கிளாஸ் மிஸ்ஸை வெச்சுக்கிட்டு உக்காருவோம். இங்க வேணாம், ரெண்டு பிள்ளைங்களும் கேட்டுக்கிட்டு நிக்குதுங்க."

"ஓடப் பாக்குறா," என்றாள் அத்தைக்காரி.

"காலைல பதினோரு மணி," என்றாள் அவள் மாஸ்டரிடம். "என் நம்பர் எழுதிக்கங்க."

மாஸ்டர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் வலது கால் தரையை மெதுவாக அழுத்தியது. மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கைப் பதினைந்து வருடமாக மிதித்து மிதித்து வந்த பழக்கம். நம்பரை எழுதிக்கொண்டார். தாள் திரும்பச் சட்டைப் பைக்குள் போனது.

வீட்டுக்கு வந்ததும் அவள் எதையும் கேட்கவில்லை. முகம் கழுவ வைத்து, சாப்பிட வைத்து, வாலு தட்டைக் கழுவி வைக்கும் வரை பொறுத்தாள். பிறகு சமையலறைத் தரையில் எதிரே உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லு, நடுவில் திட்ட மாட்டேன் என்றாள். இந்த வாக்கைக் காப்பாற்ற அவள் இரண்டு முறை நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"தள்ளினேன்," என்றாள் வாலு.

"எப்படி?"

"ரெண்டு கையாலயும்."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பெருமைப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுக்கு முன்னாடி என்ன நடந்தது என்றாள். வாலு தரையைப் பார்த்தாள். பிறகு வந்தது. வகுப்பில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதற்குப் பேர் 'ரே'. வாலுவின் அம்மா மேல் ரே இருக்கிறது, அது வாலு மேல் ஒட்டியிருக்கிறது, வாலுவைத் தொட்டால் ரே ஏறிவிடும், ஏறினால் மூன்று பேரைத் தொட்டு இறக்கிவிட வேண்டும். இரண்டு வாரமாக நடக்கிறது. ஆரம்பித்து வைத்தது குருவி. பெஞ்சில் வாலு பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. தண்ணீர் பிடிக்க வாலு வரிசையில் நின்றால் முன்னும் பின்னும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். இன்றைக்குக் குருவி குழாயிலிருந்து பின்வாங்கி 'ரே ரே' என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். தள்ளினாள்.

"மிஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். விளையாட்டுதானே, போய் உக்காருன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வேலையை விட்டுடுவியோன்னு," என்றாள்.

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே இன்னொரு முறை கழுவினாள்.

திரும்பி வந்து இரண்டு விஷயம் சொன்னாள். ரே மேலே ஒட்டாது, அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அம்மா பார்த்துக்கொள்கிறேன். தள்ளினது தப்பு, அதில் சந்தேகமே வேண்டாம், குருவி கைக்கு என்ன செய்வது என்று நீ யோசித்து வை. வாலு, ஸாரி சொல்லணுமா என்றாள். அது ஒன்று, வேறு என்ன என்று யோசி என்றாள் அவள்.

கணவன் டேங்கர் லாரி ஓட்டுகிறவன், அப்போது பன்னிரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும், அந்த மாஸ்டரின் கார் எங்கே நிற்கும் என்று கேட்டான். எதற்கு என்றாள். சும்மா தெரிஞ்சுக்கத்தான் என்றான். நாளைக்கு நான் பேசிக்கொள்கிறேன், நீ ரோட்டைப் பார் என்றாள். வகுப்புப் பெற்றோரின் வாட்ஸாப் குழுவில் அதற்குள் நாற்பத்திரண்டு செய்திகள். அத்தைக்காரிக்கும் குழுவில் இடம் இருந்தது. சில பிள்ளைகள் ஆபத்தானவர்கள் என்று பொதுவாக எழுதியிருந்தாள். அதற்குக் கைகூப்பும் படங்கள் பதினேழு. அவள் ஒரு பதில் தட்டினாள். அழகான பதில், முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது. முழுசாக அழித்தாள். அதற்குப் பதிலாக ஒரு காகிதத்தை எடுத்து இரண்டாக மடித்து, ஒரு பக்கம் தெரிந்தது, ஒரு பக்கம் தெரியாதது என்று எழுதினாள். தெரிந்த பக்கத்தில் முதல் வரி: தள்ளினாள், இரண்டு கையால். தெரியாத பக்கத்தில் முதல் வரி: குருவிக்கு இதை யார் சொன்னது.

சனிக்கிழமை பெரிய வகுப்புகளுக்கு மட்டும் அரை நாள். பதினோரு மணிக்கு மூன்றாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டார்கள். பெரியவர்களுக்கென்று அங்கே நாற்காலி கிடையாது. எனவே ஐந்து பெரியவர்கள் மூன்றாம் வகுப்பு நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்கும்படி உட்கார்ந்தார்கள். அத்தைக்காரி உட்கார்ந்தபோது நாற்காலி ஒரு சத்தம் போட்டது. எல்லாரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். குழந்தைகள் இரண்டும் தாழ்வாரத்துக்கு அப்பால் நூலக அறையில் ஆயாவோடு இருந்தன. அவர்கள் எதிரில் பேச வேண்டாம், ஒருத்தரை வைத்து ஒருத்தரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம் என்று அவள் காலையிலேயே மிஸ்ஸிடம் போனில் கேட்டிருந்தாள்.

மிஸ் சின்ன வயதுக்காரி, முகம் வெளுத்திருந்தது. பதிவேட்டைத் திறந்து படித்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு விழுந்தாள், நாற்பத்தைந்துக்கு ஐஸ் வைத்தோம், ஐம்பதுக்கு வீட்டுக்கு போன் செய்தோம். தள்ளியதைத் தான் பார்க்கவில்லை, வரிசையின் அந்தக் கோடியில் இருந்தேன் என்றாள்.

மாஸ்டர் தாளைப் பிரித்து வாசித்தார். நன்றாக எழுதியிருந்தார். அதுதான் பயமாக இருந்தது. 'திட்டமிட்டு' என்று ஒரு சொல் வந்தது. 'வன்முறைக் குணம் கொண்ட மாணவி' என்று வந்தது. 'வேறு பிரிவுக்கு மாற்றும்படி' என்று முடிந்தது. அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. மடியில் இருந்த காகிதத்தின் மூலை மட்டும் நார்நாராகிவிட்டது.

முடிந்ததும் கேட்டாள். குருவி உங்களிடம் என்ன சொன்னாள், அவள் வார்த்தையில்? உங்களுக்கு இதில் ரொம்ப உறுத்துவது எது?

இந்த இரண்டாவது கேள்வியை மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. கால் ஒரு முறை அழுத்தியது. உறுத்துவது என்ன என்றால், என்று ஆரம்பித்து, அவர் கடிதத்தில் இல்லாததைச் சொன்னார். வலது கை. எழுதுகிற கை. நேற்றிரவு புரண்டு படுக்கும்போதெல்லாம் அழுதாள். திங்கட்கிழமை பள்ளிக்கு வர மாட்டேன் என்கிறாள். படிக்க ஆசைப்படுகிற பிள்ளை.

"அப்போ கை சரியாகணும், எழுத்து விட்டுப்போகக் கூடாது, பயமில்லாம பள்ளிக்கூடம் வரணும். இந்த மூணும்தானே?" என்றாள் அவள்.

"ஆமா," என்றார் மாஸ்டர். தாளில் இந்த மூன்றும் இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தட்டுப்பட்ட மாதிரி, தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"என் பொண்ணு தள்ளினா. ரெண்டு கையால. அவளே சொன்னா. அது தப்பு. இதுல நான் 'ஆனா' போடல," என்றாள். "அவளுக்காக நான் ஸாரி கேட்டா அது என் ஸாரி. அவ சொல்ல வேண்டியதை அவ சொல்லுவா. இப்பவே இழுத்துட்டு வந்து நிக்க வெச்சா வாய்தான் சொல்லும்."

அத்தைக்காரி, ஆஹா, பேச்சுக்குக் குறைச்சல் இல்லை என்றாள். மாஸ்டரின் மனைவி கணவனின் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விஷயமும் காதில் விழுந்தது, அதைச் சொல்லலாமா என்று வாலுவின் அம்மா கேட்டாள். சாக்குச் சொல்வதற்காக இல்லை, மறுபடி நடக்காமல் இருக்க. ஒரு குழந்தை சொன்னது, அதனால் நீங்களும் விசாரித்துப் பாருங்கள். மாஸ்டர் சொல்லுங்க என்றார். அவள் ரே விளையாட்டைச் சொன்னாள். யார் ஆரம்பித்தது என்பதைச் சொல்லவில்லை. வகுப்பில் நடக்கிறது என்றாள், இரண்டு வாரம் என்றாள், தண்ணீர் வரிசையில் முன்னும் பின்னும் காலி இடம் என்றாள். குரல் ஒரே சீராக இருந்தது. எக்ஸ்ரே அறையில் பழகிய குரல். எதிரே எலும்பு எந்தக் கோலத்தில் தெரிந்தாலும் அந்தக் குரலில் தெரியக் கூடாது.

மிஸ்தான் முதலில் பேசினாள். அந்தக் குழந்தை தன்னிடம் வந்து சொன்னது உண்மை, விளையாட்டு என்று நினைத்து அனுப்பிவிட்டேன், தப்பு என்னுடையது என்றாள். சொல்லிவிட்டு அதையும் பதிவேட்டில் எழுதினாள். எக்ஸ்ரேக்காரிக்கு அந்த நிமிடத்தில் அந்தச் சின்ன மிஸ் மேல் மரியாதை வந்தது.

பிறகு, வந்ததிலிருந்து வாயே திறக்காத மாஸ்டரின் மனைவி பேசினாள்.

"அது நம்ம வீட்டுல சொன்னதுதான், அண்ணி."

அத்தைக்காரி, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றாள். ரே ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், அந்த வீட்டுப் பிள்ளையோடு ஒட்டி உட்காராதே என்று சொன்னேன், கேன்சர் கீன்சர் வந்தால் யார் பார்ப்பது என்றாள். சொல்லிக்கொண்டே போனவள், எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு பாதியில் நிறுத்தினாள்.

எக்ஸ்ரேக்காரிக்குக் காது சுட்டது. படித்த திமிர் என்று நேற்று வாசலில் சொன்னவள் இவள்தான். இப்போது ஒரு வாக்கியம் போதும். எழுந்து நின்று, இந்தக் கடிதத்தை உங்கள் அக்கா பேரில் எழுதுங்கள் என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது. மூச்சை இழுங்க, பிடிங்க. இந்த முறை ரொம்ப நேரம் பிடித்தாள்.

"ஸ்விட்ச் போட்டா லைட் எரியும், அணைச்சா ரூமுல வெளிச்சம் மிச்சம் இருக்குமா? ரே அப்படித்தான், அம்மா. படம் எடுக்குற நேரம் மட்டும்தான். யார் மேலயும் ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வராது."

"அப்போ நீங்க மட்டும் ஏன் சுவத்துக்குப் பின்னாடி போய் நிக்கிறீங்க?" என்றாள் அத்தைக்காரி.

நல்ல கேள்வி. ஒப்புக்கொள்ள வேண்டும்.

"உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு படம். நான் ஒரு நாளைக்கு அறுபது எடுக்குறேன். ஒரு தூத்தல்ல நனையலாம், நாள் பூரா மழையில நிக்க முடியுமா? அதுக்குத்தான் சுவரு. என் மேல எவ்வளவு படுதுன்னு அளக்க சட்டையில குத்துற பேட்ஜ் ஒண்ணு இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருதடவை பாத்துச் சொல்லுவாங்க. இதுவரைக்கும் ஒண்ணுமில்ல."

அத்தைக்காரி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவர் கால் அழுத்தியபடியே இருந்தது. கடைசியில், இந்தத் தாளை என்ன செய்வது என்று நான் யோசிக்க வேண்டும் என்றார். கொடுக்காமலேயே விட்டுவிடலாம் என்றுகூட நினைக்கிறேன் என்றார். சுளுக்குதானே, என்றார்.

அவள் கேட்க வேண்டும் என்று வந்தது அந்த வாக்கியத்தைத்தான். அது வந்துவிட்டது. நன்றி சொல்லி எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அவள் உட்கார்ந்திருந்த குட்டி நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியாக நூலக அறை தெரிந்தது. குருவி மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை இடது கையால் உருவினாள். வலது கையை உள்ளங்கை மேலே பார்க்கத் திருப்பப் போனவள், பாதியில் நிறுத்தி, முழங்கையோடு உடம்பையே திருப்பினாள். நேற்று வாசலிலும் அவள், திருப்பினா ரொம்ப என்றுதான் சொன்னாள். ஒன்பது வருடத்தில் இந்தத் திருப்பலை அவள் எத்தனையோ குழந்தைகளிடம் பார்த்திருக்கிறாள். கையை ஊன்றி விழுந்த குழந்தைக்கு எலும்பு சில நேரம் முழுசாக உடையாது. ஓரத்தில் மெல்லிதாகப் புடைத்து மடங்கும், அவ்வளவுதான். நேர்ப் படத்தில் அது ஒளிந்துகொள்ளும், பக்கவாட்டில் எடுத்தால்தான் தெரியும்.

சொன்னால், சுளுக்கு முறிவாகிவிடும். முறிவு என்றால் அந்தத் தாளுக்கு எடை வேறு.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். படத்தைப் பாத்து இன்னதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, அது டாக்டர் வேலை. ஆனா பக்கவாட்டுல ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. இன்னைக்கே. கையைத் திருப்ப மாட்டேங்குறா பாருங்க. சின்ன முறிவு இருந்தா அதுலதான் தெரியும்."

மாஸ்டர் அவளையே பார்த்தார். "அப்படி முறிவுன்னு வந்தா உங்களுக்குத்தானே பாதகம்?"

"தெரியும்," என்றாள்.

மாஸ்டரின் கால் தரையை விட்டு எழுந்தது.

கிளம்புவதற்கு முன் அந்த மூன்றைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். கை எப்படி இருக்கிறது என்று மாஸ்டர் நேராக அவளுக்கே போன் செய்வார், குழுவில் இனி யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. தண்ணீர் வரிசையில் மிஸ் குழாய்ப் பக்கம் நிற்பாள், ரே விளையாட்டைப் பேர் சொல்லாமல் வகுப்பு முழுவதற்கும் பேசி நிறுத்துவாள். குருவியின் எழுத்துக்கு என்ன செய்வது என்பதில் மட்டும் இழுபறி. அப்போது வாலு நூலகத்திலிருந்து ஆயாவிடம் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினாள். அம்மா நேற்றுக் கொடுத்த வீட்டுப்பாடத்தை அவள் செய்துவிட்டதாகத் தெரிந்தது. சீட்டில், 'குருவி கை சரியாகும் வரை அவள் நோட்டும் நான் எழுதுவேன். என் கையெழுத்து கொஞ்சம் மோசம்' என்று எழுதியிருந்தது. மிஸ் அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் இல்லை என்றாள். குருவிக்கும் சம்மதமா என்று கேட்டுவிட்டுச் சொல்வதாக மாஸ்டரின் மனைவி சொன்னாள். ஒரு வாரம் கழித்து மறுபடி இந்த நாற்காலிகளிலேயே உட்காருவது என்று முடிவானது. அத்தைக்காரி, அதற்கு நான் வரவில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாஸ்டரின் போன் வந்தது. பக்கவாட்டில் எடுத்தார்கள். எலும்பு ஓரத்தில் சின்ன மடிப்பு. கட்டை மாற்றி, மூன்று வாரம் அசையாமல் வைக்க வேண்டும், நன்றாகக் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அப்படியே கவனிக்காமல் குதித்து விளையாட விட்டிருந்தால் மறுபடி விழுந்து பெரிசாகியிருக்கலாம் என்றும் சொன்னாராம். கடிதத்தைப் பற்றி மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வாலுவின் சீருடையை இஸ்திரி போட்டாள். ஒரே சட்டையை மூன்று முறை.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போனாள். மாஸ்டர் தலைமையாசிரியை அறை வாசலில் நின்றிருந்தார். பையில் தாள். நாலாக மடித்தது. அவள் கால் கொஞ்சம் தயங்கியது, நின்றுவிடவில்லை.

"கொடுக்காம விட முடியாது," என்றார் மாஸ்டர். "முறிவுன்னு ஆனப்புறம் எழுதி வெக்கச் சொல்லிப் பள்ளிக்கூடமே கேக்குது. கொடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை படிங்க."

பழைய தாள் இல்லை. புதிது. திட்டமிட்டு இல்லை, வன்முறைக் குணம் இல்லை, பிரிவு மாற்றமும் இல்லை. முதல் பத்தியில், இன்ன தேதி இன்ன நேரத்தில் வாலு என் மகளைத் தள்ளினாள், மணிக்கட்டில் சிறு முறிவு. இரண்டாவது பத்தியில், அதற்கு முன் இரண்டு வாரமாக வகுப்பில் அந்தக் குழந்தையை யாரும் தொடாமல் ஒதுக்கினார்கள், அந்த விளையாட்டை ஆரம்பித்தது என் மகள், அந்தப் பேச்சு போனது எங்கள் வீட்டிலிருந்து. மூன்றாவது பத்தியில் சனிக்கிழமை பேசி முடித்தவை. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஒன்று போட்டாகிவிட்டது.

அவள் முதல் பத்தியை மட்டும் திரும்பப் படித்தாள். தேதி, நேரம், மகளின் பேர். ஒன்றும் பொய் இல்லை.

"இது ரெண்டு பேர் ஃபைல்லயும் இருக்கும்," என்றார் மாஸ்டர். "கேட்டுட்டேன்."

சான்றிதழில் விரல் வைத்துக் கேட்ட மூன்று பேரின் முகம் நினைவுக்கு வந்தது. இனி எவனாவது விரல் வைத்தால் இரண்டாவது பத்தியையும் படித்தாக வேண்டும். அவள் பேனாவை வாங்கி, சுவரில் சமமான இடமாகப் பார்த்துத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது இடைவேளை மணி அடித்திருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கூட்டம். மிஸ் சொன்ன இடத்தில்தான் நின்றாள், ஆனால் கூட்டத்தைக் கலைக்கவில்லை. நடுவில் குருவி, புதுக் கட்டோடு, படியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் இரண்டு முறை படம் எடுத்தாகிவிட்டது. வகுப்பிலேயே அதிகம் ரே ஏறியவள் இப்போது அவள்தான், அதுவும் நேராக மெஷினிலிருந்து. பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தக் கட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தது வாலு. யாரும் முந்தக் கூடாது என்று சொல்லி, முந்திய ஒருவனைத் தள்ளப் போனவள், கையைப் பாதியில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "போய்ப் பின்னாடி நில்லுடா," என்றாள்.